பார்ப்பவரே பதில் சொல்லும் பயிற்சி வீடியோ: கிளைக்கதை எழுதும் முறை

வாடிக்கையாளர் ஒருவர் கவுண்டர் முன்னால் கோபமாக நிற்கிறார். வீடியோ அங்கே நிற்கிறது. திரையில் மூன்று பதில்கள் தோன்றுகின்றன. பயிற்சிக்கு வந்திருக்கும் ஊழியர் ஒன்றைத் தொட்டதும், அந்தப் பதிலைக் கேட்ட வாடிக்கையாளரின் முகம் மாறுகிறது, பேச்சு அங்கிருந்து தொடர்கிறது. வேறு பதிலைத் தொட்டிருந்தால் வேறு விதமாகத் தொடர்ந்திருக்கும். இப்படி ஓடுவதைக் கிளைக்கதை வீடியோ என்கிறோம்.

படப்பிடிப்பைவிட எழுத்துதான் இதில் கடினம். சாதாரணக் குறும்படத்தில் ஒரு காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது என்பது எழுதுபவருக்கு உறுதியாகத் தெரியும். இங்கே ஒரே காட்சிக்குள் மூன்று வழியாகவும் ஆள் வந்து சேரலாம். எந்த வழியில் வந்தாலும் அந்தக் காட்சி பொருந்த வேண்டும். இந்தக் கட்டுரை ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து சோதனை வரை போகிறது.

உதாரணம் இதுதான். கோயம்புத்தூரில் ஒரு மிக்ஸி சர்வீஸ் சென்டர். கமலா அம்மா என்று ஒரு வாடிக்கையாளர், வயது ஐம்பதுக்கு மேல். மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்து 14 நாள் ஆகிறது. ஆர்மேச்சர் மாற்ற வேண்டும், அது இன்னும் வரவில்லை. அவர் வருவது இது மூன்றாவது முறை. கவுண்டரில் இருப்பவர் பயிற்சி எடுக்கும் ஊழியர், அதாவது வீடியோவைப் பார்ப்பவர்.

முதலில் தவறுகளைச் சேகரியுங்கள்

எழுத உட்காரும் முன் கவுண்டரில் நிற்பவர்களிடமும் அவர்களுடைய மேற்பார்வையாளரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: “இந்த மாதிரி நேரத்தில் நம்ம ஆட்கள் வழக்கமா என்ன சொல்வாங்க?” எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும். வழக்கமாக என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால்தான் உங்களுக்குத் தேவையான சரக்கு கிடைக்கும். அவர்கள் சொல்லும் வாக்கியங்களை அப்படியே, பேச்சுத்தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் கிளைக்கதையின் உயிர் தவறான பதில்களில் இருக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு பண்பான பதில், ஒரு சுமாரான பதில், “இஷ்டம்னா இருங்க, இல்லேன்னா போங்க” என்கிற ரகத்தில் ஒரு பதில் என்று வைத்துவிடுகிறார்கள். மூன்றாவதை எந்த ஊழியரும் தொடமாட்டார். சரியான பதில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பார்ப்பவர் யோசிக்காமலே எல்லாவற்றையும் சரியாகத் தொட்டு முடித்துவிடுவார், மறுநாள் கவுண்டரில் பழையபடியே பேசுவார்.

நல்ல தவறான பதில் என்பது, நேர்மையான, வேலை தெரிந்த ஊழியர் ஒருவர் அவசரத்தில் சொல்லக்கூடியது. அது பெரும்பாலும் உண்மையாக இருக்கும், அல்லது அன்பாக இருக்கும், அல்லது அந்த நிமிடத்துக்கு வேலை செய்யும். நம் உதாரணத்தின் முதல் தேர்வுக் கட்டத்தைப் பாருங்கள். கமலா அம்மா சொல்கிறார்: “இதோட மூணாவது தடவைங்க. போன வெள்ளிக்கிழமையே ரெடியாயிடும்னு சொன்னீங்க.” திரையில் வரும் பதில்கள்:

அ. “சர்வீஸ் சீட்டைக் குடுங்கம்மா, எந்த நிலையில இருக்குன்னு உடனே பார்த்துச் சொல்றேன்.”

ஆ. “மூணு தடவை அலைய வெச்சுட்டோம், தப்புதாம்மா. இப்பவே என்னன்னு பார்க்கிறேன்.”

இ. “மோட்டாருக்கான ஆர்மேச்சர் கம்பெனியில இருந்து இன்னும் வரலைம்மா, அதான் லேட்டாகுது.”

மூன்றிலும் மரியாதைக் குறைவு இல்லை. ‘அ’ சுறுசுறுப்பாக இருக்கிறது. ‘இ’ முழு உண்மை. ஆனால் மூன்று முறை அலைந்தவர் முதலில் கேட்க விரும்புவது தன் அலைச்சல் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை. அதை ‘ஆ’ மட்டும்தான் சொல்கிறது. இந்த வேறுபாட்டைப் பார்ப்பவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பதே இந்தக் கட்டம் நன்றாக எழுதப்பட்டிருப்பதற்கு அடையாளம்.

நீளத்தையும் கவனியுங்கள். மூன்று பதில்களும் ஏறத்தாழ ஒரே நீளம். சரியான பதிலை எழுதும்போது நம்மை அறியாமலே அதற்கு விளக்கம் சேர்த்து நீட்டிவிடுவோம். ‘நீளமானதே சரி’ என்று இரண்டாவது கட்டத்துக்குள் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். எழுதி முடித்ததும் சொற்களை எண்ணிப் பார்த்து, சரியான பதிலை வெட்ட வேண்டும். அது எப்போதும் நடுவிலேயே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் புரிவதற்காக ‘ஆ’ என்று வைத்திருக்கிறோம், திரையில் வரிசையை மாற்றியே காட்ட வேண்டும்.

இன்னொன்று: திரையில் காட்டும் பதில் பேசும் வாக்கியமாகவே இருக்கட்டும். “காரணத்தை விளக்கு”, “வருத்தம் தெரிவி” என்று சுருக்கமாக எழுதினால், பார்ப்பவர் மனதில் ஒரு தொனியில் நினைத்துத் தொடுவார், வாடிக்கையாளர் வேறு தொனிக்கு எதிர்வினை காட்டுவார். “நான் இப்படிச் சொல்ல நினைக்கலையே” என்று வீடியோ மீதே நம்பிக்கை போய்விடும்.

ஊழியரைப் படம் பிடிக்க வேண்டாம்

இதை இங்கேயே முடிவு செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் எழுத்தையே இது மாற்றுகிறது. கேமராவை ஊழியரின் கண் உயரத்தில் ஸ்டாண்டில் பொருத்தி, வாடிக்கையாளரை லென்ஸைப் பார்த்துப் பேச வைத்தால், பார்ப்பவரே ஊழியர் ஆகிவிடுகிறார். ஊழியரின் வசனத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை, அதைத்தான் பார்ப்பவர் படித்துத் தொட்டுவிட்டாரே. கிளிப் நேராக வாடிக்கையாளரின் எதிர்வினையில் தொடங்கும். ஒரு நடிகர் போதும். ஆணோ பெண்ணோ, யார் பார்த்தாலும் பொருந்தும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஊழியர் ஏதாவது செய்கிறார், போய் விசாரிக்கிறார் என்றால் அதைக் காட்ட முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் படத்துக்குப் பதில் திரையில் இரண்டு வரி எழுத்தை மட்டும் காட்டும் எழுத்துப் பலகை போட்டுக்கொள்ளலாம். கீழே ஒரு இடத்தில் அது வருகிறது.

மரம் வளர்ந்தால் என்ன ஆகும்

நம் கதையில் மூன்று தேர்வுக் கட்டங்கள். முதல் இரண்டில் மூன்று பதில்கள், கடைசியில் இரண்டு. ஒவ்வொரு பதிலும் முற்றிலும் தனிக் கதையாகப் பிரிந்து போனால், தொடக்கம் 1, பிறகு 3, பிறகு 9, பிறகு 18, ஆக 31 கிளிப்புகள். இன்னும் ஒரு கட்டம் மூன்று பதில்களோடு சேர்த்தால் அதற்கு மட்டும் 54 வேண்டும். நடிகரும் தாங்கமாட்டார், எழுதுபவரும் பாதியில் தரத்தை இழந்துவிடுவார்.

அதனால் கிளைகள் பிரிந்ததும் மீண்டும் ஒரு பொதுக் காட்சியில் வந்து சேர வேண்டும். இந்த உபாயம் பழையது. 1967இல் மாண்ட்ரியலில் நடந்த எக்ஸ்போவில், செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் ராதூஸ் சின்செரா உருவாக்கிய ‘கினோஆட்டமாட்’ காட்டப்பட்டது. பார்வையாளர்கள் இருக்கையில் இருந்த பொத்தானை அழுத்திக் கதை எப்படிப் போக வேண்டும் என்று வாக்களிப்பார்கள். எதற்கு வாக்களித்தாலும் அடுத்த வாக்கெடுப்புக்குள் கதை அதே இடத்துக்குத் திரும்பிவிடும்படி எழுதியிருந்தார்கள்.

பயிற்சி வீடியோவில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எதைச் சொன்னாலும் ஒரே முடிவு என்றால், எப்படிப் பேசினாலும் பரவாயில்லை என்றுதான் ஊழியர் கற்றுக்கொள்வார். எனவே காட்சிகள் சேரலாம், ஆனால் என்ன சொல்லப்பட்டது என்பதைக் கதை நினைவில் வைத்திருந்து முடிவில் காட்ட வேண்டும். நம் கதையின் அமைப்பு இது:

தொடக்கம் ஒரு கிளிப். முதல் கட்டத்தின் எதிர்வினைகள் மூன்று. அடுத்து “எப்பத்தான் கிடைக்கும்?” என்று கமலா அம்மா கேட்கும் பொதுக் காட்சி. இதை மட்டும் இரண்டு விதமாக எடுக்கிறோம்: ‘அ’, ‘இ’ வழியாக வந்தவர்களுக்குச் சூடாக, ‘ஆ’ வழியாக வந்தவர்களுக்கு நிதானமாக. இரண்டாம் கட்டத்தின் எதிர்வினைகள் மூன்று. மறுபடி ஒரு பொதுக் காட்சி. மூன்றாம் கட்டத்தின் எதிர்வினைகள் இரண்டு. முடிவுகள் மூன்று. மொத்தம் 15 கிளிப்புகள். ஒன்று சராசரி 25 விநாடி என்றால் மொத்தக் காட்சி ஆறே கால் நிமிடம். ஒரு முறை ஓட்டுபவர் பார்ப்பது ஏழு கிளிப்புகள், ஏறத்தாழ மூன்று நிமிடம். அதனால் இன்னொரு முறை வேறு விதமாக ஓட்டிப் பார்க்க அவருக்குப் பொறுமை மிச்சமிருக்கும்.

அன்றைக்குச் சிரிக்க வைத்து மறுநாள் கடிக்கும் பதில்

இரண்டாம் கட்டம்தான் இந்தக் கதையின் மையம். “ஒரு தேதி சொல்லுங்க” என்கிறார் கமலா அம்மா.

அ. “நாளைக்குச் சாயங்காலம் வாங்கம்மா, கண்டிப்பா ரெடியா இருக்கும்.”

ஆ. “ரெண்டு நிமிஷம் இருங்கம்மா, ஸ்டோர்ல கேட்டுட்டுத் தேதி சொல்றேன்.”

இ. “பார்ட் வந்ததும் நாங்களே போன் பண்றோம்மா, நீங்க அலைய வேண்டாம்.”

‘அ’வைத் தொட்டால் கமலா அம்மா சிரிக்கிறார்: “அப்பாடா, இப்பத்தான் நிம்மதி. நாளைக்குச் சாயங்காலம் வந்துடறேங்க.” இந்தச் சிரிப்பைத் தைரியமாக எழுதுங்கள். கவுண்டரில் உண்மையாகவே அதுதான் நடக்கிறது. பொய் வாக்குறுதி அந்த நிமிடத்துக்கு நன்றாக வேலை செய்கிறது, அதனால்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள். தவறான பதிலுக்கெல்லாம் உடனே வாடிக்கையாளர் முகம் சுளிப்பதாக எழுதினால், பார்ப்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் தேடப் பழகிவிடுவார். இங்கே அவர் தான் சரியாகச் செய்ததாகவே நினைத்துக் கடைசி வரை போவார். முடிவில் எழுத்துப் பலகை வரும்: “மறுநாள், மாலை 6.30.” கமலா அம்மா மறுபடி கவுண்டரில் நிற்கிறார். “நாளைக்குன்னு சொன்னீங்களே.” இவ்வளவுதான் வசனம், கத்தல் இல்லை. அதற்கு மேல் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

‘இ’ அன்பாகத்தான் இருக்கிறது. அதற்கு அவர் சொல்வது: “போன தடவையும் இதையேதான் சொன்னாங்க. யாரும் கூப்பிடலை.” ‘ஆ’வைத் தொட்டால் எழுத்துப் பலகை: “ஸ்டோரில் கேட்டாயிற்று. ஆர்மேச்சர் புதன்கிழமை வருகிறது. வியாழன் மதியம் மிக்ஸி தயார்.” பிறகு கமலா அம்மா, முழுதாகச் சமாதானம் ஆகாமல், “வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமைதானே?” என்கிறார். சரியான பதிலுக்கும் வாடிக்கையாளர் உருகிவிட வேண்டியதில்லை. மூன்று முறை ஏமாந்தவர் அவ்வளவுதான் இளகுவார்.

மூன்றாம் கட்டத்தில் அவர் கேட்பது: “அதுவரைக்கும் நான் என்ன பண்றதுங்க? வீட்டுல அம்மிகூட இல்ல.” இங்கே இரண்டே பதில்கள். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா, ரெடியானதும் வீட்டுக்கே கொடுத்தனுப்பறோம்” என்பது ஒன்று. “ஸ்டாண்ட்பை மிக்ஸி ஒண்ணு இருக்கும்மா, கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க” என்பது மற்றது. எல்லாக் கட்டத்திலும் மூன்று இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. மூன்றாவதாக யாரும் சொல்லாத ஒன்றைப் போட்டு நிரப்புவதைவிட இரண்டோடு நிறுத்துவது மேல்.

ஆனால் இந்தக் கட்டத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது நல்லது என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஊழியர்கள் பின் ஏன் ஸ்டாண்ட்பை மிக்ஸியைக் கொடுப்பதில்லை? பதிவேட்டில் எழுத வேண்டும், மேலாளரின் கையெழுத்து வாங்க வேண்டும், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த அழுத்தம் வீடியோவில் இருந்தால்தான் கேள்வி கடினமாகும். எனவே இந்தப் பொதுக் காட்சியில் கமலா அம்மாவின் பின்னால் ஆட்கள் தெரிய வேண்டும், “சார், கொஞ்சம் சீக்கிரம்” என்று ஒரு குரல் வர வேண்டும். எழுதும்போதே இதைக் குறித்துவைக்காவிட்டால் படப்பிடிப்பு நாளில் யாருக்கும் நினைவு வராது.

ஸ்டாண்ட்பை மிக்ஸி தரும் விதி பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருக்கவும் வேண்டும். தெரியாத விதியை வைத்துச் சோதிப்பது நியாயமில்லை. தொடக்கத்துக்கு முன் ஒரு பலகையில் “10 நாளுக்கு மேல் தாமதமானால் ஸ்டாண்ட்பை மிக்ஸி கொடுக்கலாம்; பதிவேட்டில் மேலாளர் கையெழுத்து தேவை” என்று காட்டிவிடுங்கள். 14 நாள் என்பதைப் பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

மதிப்பெண் போட வேண்டாம், நினைவு போதும்

ஒவ்வொரு பதிலுக்கும் கூட்டல் கழித்தல் மதிப்பெண் வைத்து, கூட்டுத்தொகையைக் கொண்டு முடிவைத் தீர்மானிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கூட்டுத்தொகைக்குப் பல வழிகளில் வந்துவிட முடியும். ஸ்டாண்ட்பை மிக்ஸி தராதவரும் மற்ற இடங்களில் மதிப்பெண் சேர்த்து நல்ல முடிவுக்கு வந்துவிடுவார். அந்த முடிவிலோ கமலா அம்மா கையில் மிக்ஸியோடு போவார்.

தொடங்குபவர்களுக்கு ஆம், இல்லை என்கிற நினைவுகள் போதும். நம் கதைக்கு மூன்று: பொய் வாக்குக் கொடுத்தாரா, உண்மைத் தேதியைச் சொன்னாரா, மாற்று மிக்ஸி கொடுத்தாரா. பொய் வாக்கு இருந்தால் மூன்றாம் முடிவு, மறுநாள் மாலை. தேதி, மாற்று மிக்ஸி இரண்டும் இருந்தால் முதல் முடிவு: மிக்ஸியைப் பையில் வைத்துக்கொண்டு, “வியாழக்கிழமை இதைத் திருப்பிக் கொண்டாரேன்” என்கிறார். மற்றதெல்லாம் இரண்டாம் முடிவு: போகும்போது போனில் வீட்டாரிடம், “இனிமே வேற கடைதான் பார்க்கணும்” என்கிறார். மொத்தம் 18 வழிகள். அவற்றில் 3 முதல் முடிவுக்கும், 9 இரண்டாவதுக்கும், 6 மூன்றாவதுக்கும் போகின்றன. இந்த எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள். ஒரு முடிவுக்கு எந்த வழியும் இல்லாமல் போயிருந்தால் இங்கேதான் தெரியும்.

முதல் கட்டத்தில் சறுக்கியவரும் நல்ல முடிவை அடைய முடிகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே செய்தது. கவுண்டரில் முதல் வாக்கியம் தவறினாலும் மீட்க முடியும், அதையும் ஊழியர் பழக வேண்டும். முதல் கட்டத்தின் விளைவு, சூடான பொதுக் காட்சியாக உடனே தெரிந்துவிடுகிறது.

எழுதியதை இணைத்து ஓட்டிப் பார்க்க ட்வைன் என்ற இலவச மென்பொருள் வசதியானது. அதில் ஒவ்வொரு காட்சியும் ஒரு பெட்டி, பெட்டிகளுக்கு இடையே அம்புக்குறி. வீடியோ எடுக்கும் முன்பே வெறும் வசனத்தை வைத்துச் சோதித்துவிடலாம். மூன்று நினைவுகளுக்கும் $vaakku, $thethi, $maatru என்றும், மூன்று முடிவுப் பெட்டிகளுக்கு M1, M2, M3 என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். அதன் வழக்கமான வடிவமான ஹார்லோவில், முடிவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் இவ்வளவுதான் எழுத வேண்டும்:

```
(if: $vaakku)[(go-to: "M3")]
(else-if: $thethi and $maatru)[(go-to: "M1")]
(else:)[(go-to: "M2")]
```

பொய் வாக்கின் எதிர்வினைப் பெட்டியில் `(set: $vaakku to true)` என்று போட வேண்டும், மற்ற இரண்டுக்கும் அவற்றின் பெட்டிகளில் அப்படியே. இரண்டாம் கட்டத்தின் கேள்விப் பெட்டியில் முதல் இரண்டையும், மூன்றாம் கட்டத்தின் கேள்விப் பெட்டியில் `$maatru`வையும் `false` ஆக்கிவிடுங்கள். இதை மறந்தால் இரண்டு தொல்லை. ஒன்று, இதுவரை மதிப்பே வைக்காத நினைவை `(if:)` சோதிக்கும்போது பிழைச் செய்தி வரும். மற்றது இன்னும் மோசம்: முடிவைப் பார்த்துவிட்டு இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பி வந்து சரியான பதிலைத் தொட்டவருக்கும் பழைய பொய் வாக்கு நினைவில் இருந்து, மறுபடி மூன்றாம் முடிவே வரும்.

நினைவு வைக்கும் வசதி இல்லாத கருவியில் செய்வதானால் பெட்டிகளைப் பெருக்க வேண்டும். இரண்டாம் கட்டத்துக்குப் பிறகு வரும் பொதுக் காட்சியை மூன்று பெட்டிகளாக்கி, மூன்றிலும் ஒரே வீடியோ கோப்பையே பயன்படுத்தலாம். பெட்டி கூடும், படம் பிடிக்க வேண்டியது 15தான். யூடியூபின் இறுதித் திரையைக் கொண்டும் இப்படிக் கோத்துவிட முடியும். ஆனால் அது வீடியோவின் கடைசி 5 முதல் 20 விநாடிக்குள்தான் தோன்றும், வீடியோவும் குறைந்தது 25 விநாடி இருக்க வேண்டும். எனவே குட்டி எதிர்வினைக் கிளிப்புகளை அடுத்த பொதுக் காட்சியோடு ஒட்டியே ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒரு சொல், ஆறு கிளிப்புகள்

இனி, பொதுக் காட்சிகள் எங்கே உடைகின்றன என்று பார்ப்போம். முதல் கட்டத்தின் ‘ஆ’ பதில் முதல் வரைவில் இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம்: “தப்புதாம்மா, உட்காருங்க, என்னன்னு பார்க்கிறேன்.” மரியாதையான சொல்தான். ஆனால் உட்காருங்க என்றதும் கமலா அம்மா உட்கார வேண்டும். மற்ற இரண்டு வழிகளில் வந்தவர் நின்றுகொண்டிருக்கிறார். இரண்டாம் கட்டத்தின் மூன்று எதிர்வினைகள், பொதுக் காட்சி, மூன்றாம் கட்டத்தின் இரண்டு எதிர்வினைகள், ஆக ஆறு கிளிப்புகளையும் நின்றபடி ஒன்று, உட்கார்ந்தபடி ஒன்று என்று இரண்டு முறை எடுக்க வேண்டிவரும். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

பொருட்களும் இதே தொல்லையைத் தரும். ‘அ’ எதிர்வினையில் அவர் சீட்டைக் கவுண்டரில் அறைந்து வைப்பது நல்ல நடிப்புதான், ஆனால் அடுத்த காட்சியில் கவுண்டரில் சீட்டு இருக்க வேண்டுமா, வேண்டாமா? சீட்டு தொடக்கம் முதல் முடிவு வரை அவர் கையிலேயே இருக்கட்டும். இரண்டாம் முடிவை முகத்துக்கு நெருக்கமாக மட்டும் எடுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே வருபவர்களில் சிலர் மாற்று மிக்ஸியை வாங்கியவர்கள், சிலர் வாங்காதவர்கள். கை தெரியக்கூடாது. மூன்றாம் முடிவுக்கும் அதே விதி.

வசனத்திலும் பாருங்கள். மூன்றாம் கட்டத்தில் “அதுவரைக்கும்” என்று கேட்கிறார். “வியாழக்கிழமை வரைக்கும்” என்று எழுதத்தான் கை போகும். ஆனால் வியாழக்கிழமை என்பது ‘ஆ’ வழியாக வந்தவருக்கு மட்டும்தான் தெரியும். ‘அ’ வழியில் அது நாளை, ‘இ’ வழியில் தேதியே இல்லை. பொதுக் காட்சியில் வரும் ஒவ்வொரு தேதி, பெயர், தொகைக்கும் நேராக நிறுத்தி, “எல்லா வழியிலும் இது சொல்லப்பட்டிருக்கிறதா?” என்று கேளுங்கள்.

மனநிலை சேருவதற்கு ஒரு சின்ன நிகழ்வு உதவும். இரண்டாம் கட்டத்தின் முடிவில் சிரித்தவரும், சந்தேகப்பட்டவரும், சலித்தவரும் ஒரே பொதுக் காட்சிக்கு வர வேண்டும். அதனால் அந்தக் காட்சி போன் மணியோடு தொடங்குகிறது. வீட்டிலிருந்து மகள். “இன்னும் கைக்கு வரலடி, தக்காளியை மட்டும் நறுக்கி வை” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கேட்கிறார். போனில் பேசிய முகத்தோடு திரும்புவதால், முந்தைய கிளிப்பின் முகத்தோடு ஒப்பிட யாருக்கும் தோன்றாது.

எழுத்துப் பிரதியில் ஒவ்வொரு கிளிப்புக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கிளிப்பின் பெயர், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, தொடக்கத்தில் உடலும் கையும் எப்படி, வசனம், கடைசியில் உடலும் கையும் எப்படி. இந்த ஆறு விஷயமும் இருந்தால் படப்பிடிப்பை எந்த வரிசையில் நடத்தினாலும் தவறு வராது. கோபக் காட்சிகளை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் எடுப்பது நடிகருக்கு எளிது. நடிகர் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவையுங்கள்.

பதில்கள் திரையில் இருக்கும் நேரத்துக்கு என்று தனியாக 10 முதல் 15 விநாடி எடுக்க வேண்டும். கமலா அம்மா பேசாமல் பார்க்கிறார், கண் சிமிட்டுகிறார், சீட்டை மடிக்கிறார், மறுபடி தொடக்க நிலைக்கே வருகிறார். தொடக்கமும் முடிவும் ஒரே நிலையாக இருந்தால் அதைச் சுழலவிடலாம். இது இல்லாவிட்டால் வீடியோவை அப்படியே நிறுத்த வேண்டியிருக்கும், பாதி திறந்த வாயோடு முகம் உறைந்து நிற்கும். நேரக் கெடு வைக்காதீர்கள். மெதுவாகப் படிப்பவர் பேச்சில் தோற்கவில்லை, படிப்பதில்தான் தோற்கிறார்.

கேமரா வரும் முன் ஒரு மேசைச் சோதனை

15 கிளிப்புகளையும் 15 தாள்களில் எழுதி மேசையில் பரப்புங்கள். ஒருவர் கமலா அம்மாவின் வசனத்தை உரக்கப் படிக்கட்டும். கவுண்டர் ஊழியர்களில் நாலைந்து பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, பதிலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எதுவும் விளக்காதீர்கள். அவர் எதைத் தேர்ந்தெடுத்தார், எவ்வளவு நேரம் யோசித்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டத்தில் எல்லோரும் நொடியில் சரியானதையே எடுத்தால், அங்கே தவறான பதில்கள் போலி, அவர்களிடமே கேட்டு மாற்றுங்கள். எல்லோரும் ஒரே தவறை எடுத்தால் கவலைப்பட வேண்டாம், இந்தப் பயிற்சி எதற்காகத் தேவைப்படுகிறதோ அது அந்தக் கட்டம்தான். யாராவது “இதுல எதுவுமே நான் சொல்லமாட்டேன்” என்றால், என்ன சொல்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியம் பெரும்பாலும் நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கும்.

அதே தாள்களை வைத்துக் கடிகாரத்தோடு ஒரு முறை உரக்கப் படித்து நேரம் பாருங்கள். 40 விநாடியைத் தாண்டும் தாளை வெட்டுங்கள். அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர், தான் கவுண்டரில் நிற்பதை மறந்துவிடுகிறார்.

முடிவுக்குப் பிறகு காட்டும் திரையில் ‘சரி’, ‘தவறு’ என்று எழுத வேண்டாம். அவர் தேர்ந்தெடுத்த மூன்று வாக்கியங்களையும் வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றின் கீழும் கமலா அம்மாவின் காதில் அது எப்படி விழுந்தது என்று ஒரே வரி எழுதுங்கள். “ஆர்மேச்சர் இன்னும் வரலைம்மா” என்பதன் கீழே, “இவங்க கம்பெனியைக் கை காட்டறாங்க” என்று இருக்கலாம். பக்கத்திலேயே அந்தக் கட்டத்துக்குத் திரும்பிப் போக ஒரு பொத்தான். முதலிலிருந்து ஓட்டச் சொன்னால் பலர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

விதிகள் மாறும் என்பதையும் எழுதும்போதே நினைவில் வையுங்கள். பத்து நாள் என்பது அடுத்த ஆண்டு ஏழு நாள் ஆகலாம். அதனால்தான் நாள் கணக்கு, கையெழுத்து விதி இரண்டையும் எழுத்துப் பலகையிலேயே வைத்தோம். கமலா அம்மாவின் வாயிலிருந்து வந்திருந்தால் அவரைத் திரும்ப அழைத்து, அதே புடவை, அதே வெளிச்சத்தில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். பலகை என்றால் பத்து நிமிட வேலை.